பங்கு மாறும் நாளில் பழைய கணக்கு

கூட்டாண்மை நிறுவனத்தின் லாபத்தை யார் எந்த விகிதத்தில் எடுத்துக்கொள்வது என்பதைக் கூட்டாளிகளின் ஒப்பந்தமே முடிவு செய்கிறது. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லையென்றால் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி எல்லோருக்கும் சம பங்கு. கூட்டாளிகள் அனைவரும் இசைந்தால் விகிதத்தை இடையில் மாற்றிக்கொள்ளலாம். வயதானவர் வேலைப் பளுவைக் குறைத்துக்கொள்வார், இளையவர் பொறுப்பைக் கூடுதலாக ஏற்பார், அதற்கேற்பப் பங்கும் மாறும். புதிதாக யாரும் வருவதில்லை, யாரும் விலகுவதுமில்லை. கடையும் பெயர்ப்பலகையும் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் ஏட்டில் எதையும் தொட வேண்டியதில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

மாற்றம் நடக்கும் நாள் வரை சேர்ந்த லாபம் எல்லாம் ஏட்டில் லாபமாகத் தெரிவதில்லை. பதினைந்து ஆண்டுக்கு முன் வாங்கிய கட்டடம் அன்றைய விலையிலேயே பதிவாகி நிற்கும். பிரித்துக்கொள்ளாமல் விட்ட லாபம் பொதுக் காப்பு என்ற பெயரில் தனியே கிடக்கும். இரண்டுமே பழைய விகிதம் நடப்பில் இருந்த காலத்தில் விளைந்தவை. நாளை அந்தக் கட்டடத்தை விற்றாலோ காப்பைப் பிரித்தாலோ புது விகிதத்தில்தான் பங்கு போகும். அதாவது, பங்கு கூடியவர் தனக்கு உரிமையில்லாத பழைய லாபத்தில் ஒரு துண்டைப் பெறுவார், பங்கு குறைந்தவர் அதே துண்டை இழப்பார்.

குமரன், சலீம், மேரி என மூன்று கூட்டாளிகள் நடத்தும் ஓர் அச்சகத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். பழைய விகிதம் 5:3:2. ஏப்ரல் 1 முதல் 4:3:3. குமரன் பத்தில் ஐந்து பங்கிலிருந்து நான்குக்கு இறங்குகிறார். இந்தப் பத்தில் ஒரு பங்கு அவருடைய தியாகம். மேரி இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறுகிறார், அதே பத்தில் ஒரு பங்கு அவருடைய ஆதாயம். சலீமுக்கு அன்றும் இன்றும் பத்தில் மூன்று. பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழித்து, மீதி வந்தால் தியாகம், குறைவு வந்தால் ஆதாயம் என்று கொள்ள வேண்டும். எல்லோருடைய தியாகத்தின் கூட்டுத்தொகையும் எல்லோருடைய ஆதாயத்தின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இல்லையென்றால் கணக்கு அங்கேயே பிசகிவிட்டது என்று பொருள்.

அடுத்தது மறுமதிப்பீடு. ஏட்டில் 12 லட்சம் ரூபாயாக உள்ள கட்டடம் இன்று 20 லட்சம் பெறும். அச்சு இயந்திரம் 4 லட்சமாகப் பதிவாகியிருக்கிறது, உண்மையில் 3 லட்சத்து 40 ஆயிரம்தான் தேறும். கடனாளிகளிடமிருந்து வர வேண்டியதில் 20,000 ரூபாய் வருமா என்பது ஐயம். பழுது பார்த்த செலவில் 20,000 ரூபாய் இன்னும் ஏட்டிலேயே ஏறவில்லை. இவற்றுக்காக மறுமதிப்பீட்டுக் கணக்கு என்ற ஒன்று திறக்கப்படுகிறது. சொத்தின் ஏற்றம் அதன் வரவுப் பக்கத்திலும், இறக்கமும் புதிய பொறுப்பும் பற்றுப் பக்கத்திலும் எழுதப்படும். வரவு 8 லட்சம், பற்று 1 லட்சம், நிகர லாபம் 7 லட்சம். இதைப் பழைய விகிதத்தில் பிரித்தால் குமரனுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம், சலீமுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம், மேரிக்கு 1 லட்சத்து 40 ஆயிரம். பங்கு மாறாத சலீமும் தன் பங்கைப் பெறுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். தியாகம் செய்தவருக்கு மட்டும் இதைத் தருவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

பொதுக் காப்பில் 3 லட்சம் இருக்கிறது. அதுவும் பழைய விகிதத்தில் 1 லட்சத்து 50 ஆயிரம், 90,000, 60,000 எனப் பிரிந்து முதல் கணக்குகளுக்குப் போகிறது. மூவரின் முதல் முறையே 8, 6, 4 லட்சமாக இருந்திருந்தால் இப்போது 13, 9, 6 லட்சமாக உயரும். கைக்குப் பணம் எதுவும் வரவில்லை. கூடியது ஏட்டில் உள்ள உரிமை மட்டுமே. இதை லாபம் என்று நினைத்து உடனே பணமாக எடுக்கப் போனால் நிறுவனம் திணறிவிடும்.

கட்டடம் பழைய மதிப்பிலேயே இருக்கட்டும், காப்பும் கலையாமல் இருக்கட்டும் என்று கூட்டாளிகள் விரும்புவதும் உண்டு. வருங்காலத் தேவைக்கென்று ஒதுக்கிய காப்பை உடைக்க மனம் வராதது இயல்பே. அப்போதும் நியாயம் கெடாமல் இருக்க ஒரே ஒரு சரிக்கட்டும் பதிவு போதும். மறுமதிப்பீட்டு லாபமும் காப்பும் சேர்ந்து 10 லட்சம். பழைய விகிதத்தில் மூவருக்கும் 5, 3, 2 லட்சம், புதிய விகிதத்தில் 4, 3, 3 லட்சம். ஆகவே மேரியின் முதல் கணக்கில் 1 லட்சம் பற்று, குமரனின் முதல் கணக்கில் 1 லட்சம் வரவு. சலீமுக்குப் பதிவே இல்லை. முதல்கள் 9, 6, 3 லட்சமாகின்றன.

இது சரிதானா என்று பார்க்க, அந்த 10 லட்சமும் பின்னொரு நாள் அப்படியே லாபமாக வெளிவந்து 4:3:3 என்று பிரிவதாக வைத்துக்கொள்ளலாம். 9 உடன் 4, 6 உடன் 3, 3 உடன் 3 சேர்ந்தால் மீண்டும் 13, 9, 6. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இரண்டாம் வழியில் ஓர் ஆபத்து உண்டு. ஐந்தாறு ஆண்டு கழித்துக் கட்டடத்தை விற்கும்போது, பழைய ஏற்றம் பழைய விகிதத்துக்கு உரியது என்று யாராவது வாதாடி அப்படியே பிரித்துவிட்டால், குமரன் அதே தொகையை இரண்டாம் முறை பெறுகிறார். அதனால் சரிக்கட்டிய தொகையையும் காரணத்தையும் திருத்திய ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

மதிப்பீட்டில் சச்சரவு எழுவது யாருக்கிடையே என்பதையும் இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. கட்டடத்தின் விலையை 2 லட்சம் கூட்டிச் சொன்னால் மேரியிடமிருந்து குமரனுக்கு 20,000 ரூபாய் கூடுதலாக நகரும். பங்கு இறங்குபவர் மதிப்பைக் கூட்டவும், ஏறுபவர் குறைக்கவும் விரும்புவார்கள். சலீமுக்கு இதில் ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. வெளியார் மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்துக்கொண்டால் பேச்சு நீளாது.

காப்பு என்று பெயர் உள்ளதெல்லாம் பிரித்துக்கொள்ளத் தக்கதல்ல. தொழிலாளர் ஈட்டு நிதியில் 50,000 ரூபாய் இருந்து, விபத்தில் காயமுற்றவருக்கு 30,000 ரூபாய் தர வேண்டியிருந்தால், மீதி 20,000 மட்டுமே கூட்டாளிகளுடையது. முதலீட்டு ஏற்ற இறக்க நிதியிலும் பங்குகளின் சந்தை விலை சரிந்த அளவைக் கழித்த பிறகே மிச்சம் பிரியும். ஐயக்கடன் ஒதுக்கும் தேய்மான ஒதுக்கும் ஊழியர் சேமநிதியும் இந்தப் பிரிவினைக்குள் வருவதே இல்லை. மாறாக, முந்தைய ஆண்டுகளின் நட்டம் ஏட்டில் நின்றால் அதுவும் பழைய விகிதத்தில் முதல் கணக்குகளில் பற்று வைக்கப்படும். நட்டம் விளைந்த காலத்தில் பெரிய பங்கு வைத்திருந்தவர் அதில் பெரிய பங்கைச் சுமக்கிறார்.

நற்பெயருக்கும் இதே தர்க்கம்தான். அச்சகத்தின் பெயருக்கு 2 லட்சம் மதிப்பு என்று ஒப்புக்கொண்டால் அதில் பத்தில் ஒரு பங்கான 20,000 ரூபாயை மேரி குமரனுக்கு ஈடு செய்ய வேண்டும். விலை கொடுத்து வாங்காத நற்பெயரை இந்தியக் கணக்கியல் தரம் 26 சொத்தாகக் காட்ட அனுமதிப்பதில்லை. எனவே அதற்கென்று சொத்துக் கணக்கு எதுவும் திறக்காமல், இருவரின் முதல் கணக்குகளுக்கிடையே நேரடியாகப் பதிவு செய்து முடிப்பதே வழக்கம்.