இருபத்துநான்கு மணி நேர டயாலிசிஸ்: எப்போது தேவை, எப்போது தேவையில்லை?

ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பத்திடம் டாக்டர் வந்து சொல்கிறார்: “கிட்னி வேலை செய்யவில்லை. வழக்கமான டயாலிசிஸை இவருடைய பி.பி. தாங்காது. சிஆர்ஆர்டி போட வேண்டும், செலவு கூடும்.” அடுத்த சில நிமிடங்களில் பணம் புரட்டும் பேச்சு தொடங்கிவிடுகிறது. விலை கூடிய சிகிச்சை என்பதால் அதுதான் உயர்ந்தது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. இரண்டு சிகிச்சைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவிவிட்டது. நார்அட்ரினலின் சொட்டு மருந்தின் தயவில்தான் ரத்த அழுத்தம் நிற்கிறது. இரண்டு நாளாகச் சிறுநீர் இல்லை. ஏற்றிய சலைன் எல்லாம் உடம்பில் தங்கி, கை கால் வீங்கி, நுரையீரலிலும் நீர் கோத்திருக்கிறது. அவர் உடம்பிலிருந்து 3 லிட்டர் நீரை எடுக்க வேண்டும்.

வழக்கமான டயாலிசிஸ் 4 மணி நேரம் ஓடும். மணிக்கு 750 மில்லி எடுத்தால்தான் கணக்கு சரியாகும். சிஆர்ஆர்டி மெஷின் இரவு பகலாக 24 மணி நேரமும் ஓடுவது. அதில் மணிக்கு 125 மில்லி எடுத்தால் போதும்.

இந்த வேறுபாடு ஏன் உயிர் சம்பந்தப்பட்டதாகிறது? வீக்கமாகத் தெரியும் நீர் ரத்தக் குழாய்க்குள் இல்லை, திசுக்களில் தங்கியிருக்கிறது. மெஷினோ ரத்தத்திலிருந்து மட்டும்தான் நீரை எடுக்க முடியும். எடுத்த இடத்தை நிரப்பத் திசுக்களிலிருந்து நீர் கசிந்து வர வேண்டும். ஊற்று சுரக்கும் வேகத்தைவிட வேகமாக இறைத்தால் கிணறு வற்றுவது போலத்தான் இதுவும். ரத்தத்தில் தொற்று பரவியவருக்கு அல்புமின் குறைந்து, குழாய்ச் சுவர்களும் கசிவதால், அந்த ஊற்று மிக மெதுவாகச் சுரக்கும். நல்ல உடம்பாக இருந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். இவருடைய குழாய்கள் ஏற்கெனவே மருந்தின் பிடியில் நிற்பவை. ஒரு மணி நேரத்திலேயே பி.பி. சரியலாம். அப்படிச் சரியும் ஒவ்வொரு முறையும், தேறிவரக்கூடிய கிட்னிக்குப் போகும் ரத்தமும் குறைகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. வேகமான டயாலிசிஸில் ரத்தத்தின் யூரியா சட்டென்று இறங்குகிறது, செல்களுக்குள் இருக்கும் யூரியா அதே வேகத்தில் இறங்குவதில்லை. அதனால் நீர் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் நுழைகிறது. தலையில் அடிபட்டு மூளை வீங்கியிருப்பவருக்கும், கல்லீரல் திடீரென்று செயலிழந்தவருக்கும் இது ஆபத்து. சர்வதேச சிறுநீரக அமைப்பான கேடிகோ 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, பி.பி. நிலையில்லாதவர்களுக்கும் மூளை வீக்கம் உள்ளவர்களுக்கும் சிஆர்ஆர்டியைப் பரிந்துரைத்தது. இதில் மூளை வீக்கத்துக்கான காரணம் அசைக்க முடியாதது என்றே நினைக்கிறேன். பி.பி. விஷயம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

அதைச் சோதித்துப் பார்த்தது பிரான்ஸ். அங்கே 21 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 360 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் கிட்னியோடு வேறு உறுப்புகளும் பழுதாகியிருந்தன. ஒரு பிரிவுக்கு வழக்கமான டயாலிசிஸ், மற்றதற்கு இடைவிடாத டயாலிசிஸ். ‘ஹீமோடயாஃப்’ என்ற அந்த ஆய்வு 2006-இல் லான்செட் இதழில் வந்தது. அறுபதாவது நாளில் உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 32 சதவீதம், இரண்டாவதில் 33 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நோயாளிகள் எப்படித் தாங்கினார்கள் என்பதுதான் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது. அந்த டாக்டர்கள் கிட்னி நோயாளிக்கு வாரம் மூன்று முறை செய்யும் டயாலிசிஸை அப்படியே ஐசியுவுக்குக் கொண்டுவரவில்லை. டயாலிசிஸ் திரவத்தில் சோடியத்தைக் கூட்டினார்கள், ரத்தம் செல்களுக்குள் நீரை இழப்பது குறைந்தது. திரவத்தின் வெப்பத்தைக் குறைத்தார்கள், குளிர்ச்சியில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைப் பிடித்தன. நேரத்தையும் நீட்டினார்கள். மெஷின் பழையதுதான், ஓட்டிய விதம் மாறியது.

சிஆர்ஆர்டி தோற்கும் இடமும் ஒன்று உண்டு. வழக்கமான டயாலிசிஸ் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி ரத்தத்திலிருந்து யூரியாவை நீக்கும், மணிக்கு 12 லிட்டர். சிஆர்ஆர்டியில் வழக்கமான அளவு கிலோவுக்கு மணிக்கு 25 மில்லி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர்தான், எட்டில் ஒரு பங்கு. பொட்டாசியம் 7-ஐத் தாண்டி, ஈசிஜியில் அலைகள் அகன்று, இதயம் எந்த நேரமும் நிற்கலாம் என்ற நிலையில் மெதுவான மெஷினை நம்பிக் காத்திருக்கக் கூடாது. முதலில் கால்சியமும் இன்சுலினும் கொடுத்து இதயத்தைக் காத்துக்கொண்டு, வேகமான டயாலிசிஸில் பொட்டாசியத்தை இறக்குவதே வழி.

மணிக்கு ஒன்றரை லிட்டர் என்பது 24 மணி நேரத்தில் 36 லிட்டராகும். அது தாளில் எழுதிய அளவு. ரத்தம் பிளாஸ்டிக் குழாயிலும் ஃபில்டரிலும் ஓயாமல் ஓடுவதால் உறைய நினைக்கும். ஃபில்டரின் அழுத்தம் மணிக்கு மணி ஏறத் தொடங்கினால் அடைப்பு வருகிறது என்று நர்ஸ் கண்டுகொள்வார். அடைத்துவிட்டால் புது ஃபில்டர் போட வேண்டும், ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாலும் மெஷின் நிற்கும். இப்படி 6 மணி நேரம் போனால் கிடைப்பது 27 லிட்டர்தான். உறையாமலிருக்க சிட்ரேட் சேர்ப்பார்கள். அது ஃபில்டருக்குள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நோயாளிக்குத் தனியாகக் கால்சியம் ஏற்றுவார்கள். கல்லீரல் மோசமாக இருந்தால் சிட்ரேட் உடைபடாமல் உடம்பில் தேங்கும். அப்போது ரத்தத்தின் மொத்தக் கால்சியம் ஏறிக்கொண்டே போகும், வேலை செய்யும் கால்சியமோ இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் அது பிடிபடும். இரவு பகலாக ஓடும் மெஷின் ஆன்டிபயாட்டிக்கையும் பாஸ்பேட்டையும் சேர்த்தே கழுவிவிடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தொற்றுக்குக் கொடுக்கும் மருந்தைக் கிட்னி பழுது என்று பாதியாகக் குறைத்துவிட்டு சிஆர்ஆர்டியும் ஓட்டினால், மருந்து போதாமலேயே நோயாளி தோற்றுப்போகலாம்.

நம் நோயாளிக்குத் திரும்புவோம். மணிக்கு 125 மில்லி என்று கணக்குப் போட்டோம். 2019-இல் வெளிவந்த ஓர் அலசல், சிஆர்ஆர்டியிலும் கிலோவுக்கு மணிக்கு 1.75 மில்லிக்கு மேல் நீரை எடுத்தவர்களில் இறப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அந்த வேகம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். 60 கிலோவுக்கு அது 105 மில்லி. ஆக, மெதுவான மெஷினிலும் நாம் போட்ட கணக்கு கொஞ்சம் வேகம்தான். 3 லிட்டரை இரண்டு நாளாகப் பிரித்து, மணிக்கு 60, 65 மில்லி என்று எடுப்பது நல்லது. நுரையீரல் அதுவரை பொறுக்குமா என்பதைப் படுக்கையருகில் நிற்பவர்தான் தீர்மானிக்க முடியும்.

சிஆர்ஆர்டி மெஷின் இல்லாத மருத்துவமனையில் கைவிரித்துவிட வேண்டியதில்லை. வழக்கமான டயாலிசிஸ் மெஷினையே ரத்த ஓட்டத்தையும் திரவ ஓட்டத்தையும் குறைத்து 8 முதல் 12 மணி நேரம் ஓட்டும் முறை இருக்கிறது. ‘ஸ்லெட்’ என்பார்கள். இதே 3 லிட்டரை 12 மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 250 மில்லி, இரண்டு இரவுகளாகப் பிரித்தால் 125. விலை கூடிய பைகள் தேவையில்லை, பகலில் ஸ்கேனுக்கும் பிசியோதெரபிக்கும் நோயாளி கிடைப்பார். நம் நாட்டு ஐசியுக்களில் பலருக்கு நடக்கக்கூடிய வழி இது.

டாக்டரைப் பார்க்கும் குடும்பத்தார் மெஷினின் பெயரைவிட வேறு சிலவற்றைக் கேட்கலாம். மணிக்கு எத்தனை மில்லி நீர் எடுக்கிறீர்கள்? எடுக்கும்போது நார்அட்ரினலினைக் கூட்ட வேண்டி வருகிறதா? நேற்று மெஷின் உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடியது? நார்அட்ரினலின் குறைந்து, பி.பி. தானாக நிற்கத் தொடங்கிய பிறகும் சிஆர்ஆர்டி தொடர்ந்தால், எப்போது சாதாரண டயாலிசிஸுக்கு மாற்றலாம் என்றும் கேட்க வேண்டும்.