இத்தாலிய திருமணச் சான்று: ஓரக்குறிப்பைக் கவனியுங்கள்

வேலைக்காக இத்தாலி போன நம்ம ஊர்ப் பிள்ளை, அங்கேயே ஓர் இத்தாலியப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். இப்போது மனைவியை ராசிபுரத்துக்கு அழைத்துவர வேண்டும். இந்தியரின் மனைவி என்ற முறையில் அவருக்கு நுழைவு விசா கேட்கும்போது, திருமணச் சான்றோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

முதலில் எந்தச் சான்று என்று பாருங்கள். திருமணம் பதிவான ஊரின் நகராட்சி அலுவலகம் (அங்கே 'கொமூனே' என்பார்கள்) தரும் சாதாரண சான்றில் பெயர், தேதி, இடம் மட்டும்தான் இருக்கும். 'எஸ்த்ராத்தோ' எனப்படும் பதிவேட்டுச் சுருக்கத்தில், பதிவின் ஓரத்தில் பின்னர் எழுதப்பட்ட குறிப்புகளும் வரும். இதையே கேட்டு வாங்குங்கள்.

அந்தக் குறிப்பில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. 'செப்பரட்ஸியோனே தேய் பேனி' என்று ஒரு வரி இருக்கலாம். கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு என்று தம்பதி தேர்ந்தெடுத்த ஏற்பாடு அது. 1975 சட்டத்துக்குப் பிறகு, எதுவும் சொல்லாவிட்டால் திருமணத்துக்குப் பின் சேர்க்கும் சொத்து பொதுச் சொத்தாகிவிடும் என்பதால், பலர் இப்படிப் பதிவு செய்கிறார்கள். முதல் சொல்லை மட்டும் பார்த்து 'பிரிவு' என்று மொழிபெயர்த்தால், விசா அதிகாரிக்குத் தம்பதி பிரிந்துவிட்டதாகத்தானே தோன்றும்! நீதிமன்றம் அறிவிக்கும் பிரிவுக்கு 'செப்பரட்ஸியோனே பெர்சொனாலே' என்று வேறு சொல் இருக்கிறது. எனவே 'சொத்துப் பிரிவு முறை' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். குறிப்பு எதுவும் இல்லையென்றால், 'இல்லை' என்ற அந்தச் சொல்லையும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும்.

அடுத்தது பெயர். சேலம், நாமக்கல் பக்கம் நமக்கெல்லாம் இனிஷியல்தான். குடும்பப் பெயர் பழக்கம் குறைவு. ப. குமார் என்பவரின் பாஸ்போர்ட்டில் 'பழனிசாமி' குடும்பப் பெயராகவும் 'குமார்' இயற்பெயராகவும் இருந்தால், இத்தாலியச் சான்றில் 'பழனிசாமி குமார்' என்று வரக்கூடும். ஆதாரோடு ஒத்துப்போகட்டும் என்று மொழிபெயர்ப்பாளர் அதை 'ப. குமார்' ஆக்கக் கூடாது. உள்ளது உள்ளபடி இருக்கட்டும்; பெயர் வேறுபாட்டுக்குத் தனியாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் வைக்கலாம்.

மனைவி பக்கம் இதற்கு நேர் எதிர். மரியா ரோஸ்ஸி கல்யாணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் ரோஸ்ஸிதான். மரியாதையாக இருக்கட்டுமே என்று 'மரியா குமார்' என்று எழுதிவிட்டால், அவருடைய பாஸ்போர்ட்டோடு பொருந்தாது. விண்ணப்பத்திலும் ரோஸ்ஸி என்றே நிரப்புங்கள்.

சான்று கையில் வந்ததும், அந்த மாகாணத்தின் 'பிரெஃபெத்தூரா' அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பது நல்லது. அப்போதுதான் முத்திரையில் உள்ள எழுத்தும் மொழிபெயர்ப்பில் சேரும்.

திருமணம் பதிவாகி, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீடித்த பிறகு மனைவி ஓ.சி.ஐ. அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். இடையில் ஓரக்குறிப்பு மாறியிருக்கக்கூடும் என்பதால், அந்தச் சமயத்தில் பழைய நகலையே கொடுக்காமல் புதிய சுருக்கம் ஒன்றை வாங்குங்கள்.