தோராய வடிவம், துல்லிய விடை

அதிரும் பொருள் எந்த வடிவில் அசைகிறது என்று ஓரளவு சரியாக ஊகித்தாலே, அதன் அதிர்வெண்ணை ஏறக்குறையத் துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம். ஒலியியல் பற்றி 1877-இல் ராலே பிரபு வெளியிட்ட நூலில் இந்த வழியைக் கையாண்டார். அவர் பெயரால் வழங்கும் ராலே ஈவு அங்கிருந்து வந்ததுதான்.

இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரே வரிசையில் மூன்று ஒரேமாதிரிச் சுருள்வில்கள், அவற்றின் இடைவெளிகளில் இரண்டு சம எடைகள். எடையும் வில்லின் விறைப்பும் 1 என்று கொண்டால், இந்த அமைப்பின் அணியில் முதல் வரிசை 2, −1. இரண்டாம் வரிசை −1, 2. இரண்டு எடைகளும் ஒரே பக்கம் சம அளவில் அசைவது மெதுவான அதிர்வு. அதன் வடிவம் (1, 1), ஐகன் மதிப்பு 1. எதிரெதிராக அசைந்தால் வடிவம் (1, −1), ஐகன் மதிப்பு 3. ஐகன் மதிப்பின் வர்க்கமூலம்தான் அதிர்வெண்ணைத் தருகிறது.

இந்த விடை தெரியாத ஒருவர் மெதுவான அதிர்வின் வடிவத்தை (1, 0.9) என்று ஊகிக்கிறார். அணியால் அதைப் பெருக்கினால் (1.1, 0.8) கிடைக்கும். இதை ஊகத்தோடு உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால் 1.82. ஊகத்தின் வர்க்கங்களைக் கூட்டினால் 1.81. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.0055. வடிவத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகியும் விடையில் பிழை அரை சதவீதத்துக்குச் சற்றே மேல்தான். ஊகத்தை (1, 0.99) என்று திருத்தினால் ஈவு 1.00005 ஆகிறது. வடிவப் பிழை பத்தில் ஒன்றாகக் குறைந்ததும் விடையின் பிழை நூறில் ஒன்றாகிவிட்டது.

காரணம் எளிது. (1, 0.9) என்பது (1, 1) வடிவில் 0.95 பங்கும் (1, −1) வடிவில் 0.05 பங்கும் கலந்தது. அணி சமச்சீரானது என்பதால் இவ்விரு வடிவங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்து. பெருக்கும்போது குறுக்கு உறுப்புகள் மறைந்துவிடும். கலப்பின் விகிதம் 19-க்கு 1. கணக்கில் நுழைவதோ அதன் வர்க்கம், 361-க்கு 1. ஆகவே ஈவு, 1 என்பதையும் 3 என்பதையும் 361-க்கு 1 என்ற எடையில் எடுத்த சராசரி: 364-ஐ 362-ஆல் வகுத்தால் அதே 1.0055. சராசரி என்பதால் அது மிகச்சிறிய ஐகன் மதிப்புக்குக் கீழே ஒருபோதும் இறங்காது.

சமச்சீர் இல்லையென்றால் இந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. வரிசைகள் 2, 1 மற்றும் 0, 1 என்று உள்ள அணியில் (1, 0) வடிவின் ஐகன் மதிப்பு 2. ஊகம் (1, 0.1) என்றால் ஈவு 2.089, (1, 0.01) என்றால் 2.0099. பிழை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகத்தான் குறைகிறது.

சமச்சீர் அணியிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஐகன் மதிப்பு நன்றாக வந்ததை வைத்து வடிவமும் சரி என்று முடிவுகட்டக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் அணி தந்த (1.1, 0.8)-இலிருந்து, ஊகத்தை ஈவால் பெருக்கி வரும் (1.0055, 0.905)-ஐக் கழித்துப் பாருங்கள். மிச்சம் (0.0945, −0.105). ஈவில் ஒளிந்திருந்த பத்து சதவீதப் பிசகு இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. அதிர்வெண் மட்டும் வேண்டுமென்றால் ஈவை நம்பலாம். வில்கள் எவ்வளவு நீள்கின்றன என்று தெரிய வேண்டுமென்றால் இந்த மிச்சத்தைக் கட்டாயம் பாருங்கள்.