92 சதவீதத்துக்கு எத்தனை மார்க்?

வாகன உதிரிபாகக் கிடங்கு ஒன்றுக்கு லாஜிஸ்டிக்ஸ் பிளானர் தேவை. விளம்பரத்தில் மூன்று தகுதிகள்: தேவையை முன்கணிப்பது, எந்தப் பாகத்தை எவ்வளவு இருப்பு வைப்பது என்று முடிவெடுப்பது, எஸ்ஏபி ஐபிபி மென்பொருளில் திட்டமிடுவது. முதல் இரண்டுக்கும் தலா 40 மதிப்பெண், மூன்றாவதற்கு 20 என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளைச் சில மாதங்களில் பழகிவிடலாம். மற்ற இரண்டும் அப்படி வருவதில்லை.

வந்த ரெஸ்யூமே ஒன்றில் மூன்று சொற்களுமே இருக்கின்றன. சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் நூற்றுக்கு நூறு கொடுத்துவிடலாம். வரிவரியாகப் படித்தால் கதை மாறுகிறது.

"முன்கணிப்புத் துல்லியம் 92%" என்கிறது முதல் வரி. எதை அளந்த 92? பிரேக் பேட் 100, கிளட்ச் பிளேட் 100 விற்கும் என்று ஒருவர் கணித்தார். விற்றது 150, 50. மொத்தமாகக் கூட்டினால் 200க்கு 200, துல்லியம் நூறு சதவீதம். பாகவாரியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் 50 பிசகு, அதாவது விற்பனையில் பாதி அளவுக்குத் தவறு. கிடங்கில் பிரேக் பேட் இல்லாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார், கிளட்ச் பிளேட் தூசி படிந்து கிடக்கிறது. எந்த மட்டத்தில், எத்தனை வாரம் முன்னதாகக் கணித்தது என்று சொல்லாத 92-க்கு நான் 40-இல் 20 தான் கொடுப்பேன்.

இரண்டாவது வரி: "பாகங்களை விற்பனை வேகப்படி பிரித்து, சப்ளையர் தர எடுக்கும் நாட்களைக் கணக்கில் கொண்டு சேஃப்டி ஸ்டாக்கை மாற்றினேன். இருப்பு 18% குறைந்தது, ஆர்டர் நிறைவேற்றம் 95 சதவீதத்திலேயே இருந்தது." இந்த வரியின் உயிர் கடைசிப் பாதியில் இருக்கிறது. சரக்கை வாங்காமல் விட்டாலே இருப்பு குறைந்துவிடும். ஆர்டர் நிறைவேற்றமும் சரியாமல் குறைப்பதுதான் திறமை. 30 கொடுக்கலாம். எத்தனை பாகங்களுக்குச் செய்தார் என்றும் எழுதியிருந்தால் கூடுதலாகவே கொடுத்திருப்பேன்.

மூன்றாவது, "எஸ்ஏபி". விவரத்தில் இருப்பது எம்எம்: கொள்முதல் ஆர்டர் போடுவது, சரக்கு வரவைப் பதிவது. ஐபிபி என்பது தேவையையும் வழங்கலையும் திட்டமிடும் வேறொரு மென்பொருள். நிறுவனத்தின் பெயர் ஒன்று என்பதற்காக முழு மதிப்பெண் தருவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை. தரவு எங்கிருந்து வருகிறது என்ற அறிவாவது அவருக்கு இருக்கும் என்பதால் 5.

ஆக மொத்தம் 55. இதை வைத்து அவரை ஒதுக்கிவிடுவது நியாயமில்லை, ஏனென்றால் முதல் வரியில் குறைந்தது திறமையா, விவரமா என்று இன்னும் தெரியாது. போனில் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "அந்த 92 எப்படி வந்தது?" பாகவாரியாக, சப்ளையருக்கு ஆர்டர் போட வேண்டிய நாளிலேயே கையில் இருந்த கணிப்பை வைத்து அளந்ததாக அவர் விளக்கினால், 20 என்பதை 35 ஆக்கி, 70 மதிப்பெண்ணோடு நேர்முகத்துக்கு அழைக்கலாம். மாதக் கடைசியில் திருத்திய கணிப்பை வைத்து அளந்தது என்றால், 20 கூட அதிகம்.