கிராம சபையில் தண்ணீரும் ரேஷனும்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்த நாளில் கூடினாலும் வரவு செலவு வாசிக்கும்போது கூட்டம் கொட்டாவி விடும். குடிநீர் என்ற சொல் வந்ததும் பெண்கள் எழுந்துவிடுவார்கள். அதைத் தொடர்ந்து ரேஷன் கடைப் பேச்சு வரும். இரண்டும் ஒரே மூச்சில் எழுந்தாலும் அவை போய்ச் சேரும் இடம் வேறு. ஊருக்குள் தண்ணீர் விடுவது ஊராட்சியின் வேலை. ரேஷன் கடையைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. வட்ட வழங்கல் அலுவலர் மேற்பார்வை செய்கிறார். இந்த வேறுபாட்டைப் பிடிக்காத நிருபரின் செய்தி, “பொதுமக்கள் சரமாரி கேள்வி” என்ற தலைப்போடு நின்றுபோகும்.

கூட்டம் செல்லுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்துகளையும் பந்தலில் இருக்கும் தலைகளையும் ஒப்பிட்டாலே பல விஷயங்கள் புரிந்துவிடும்.

தண்ணீர்ப் புகாரை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். 2,000 பேர் வாழும் ஊரில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஊருக்கு 1,10,000 லிட்டர் வேண்டும். தொட்டியை ஏறக்குறைய நான்கு தடவை நிரப்பினால்தான் கணக்கு சரியாகும். டேங்க் ஆபரேட்டர் இரண்டு தடவை மட்டும் ஏற்றினால் ஆளுக்குக் கிடைப்பது சராசரியாக 30 லிட்டர். அதுவும் சமமாகப் பிரிவதில்லை. தொட்டியடித் தெருவில் குடங்கள் நிரம்பி வழியும்போது கடைக்கோடிக் காலனியில் குழாய் காற்றைத்தான் கக்கும்.

ஆகவே “தண்ணி வரல” என்ற புகாருக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கக்கூடும். தொட்டியே நிரம்பவில்லை என்றால் ஆழ்துளைக் கிணறு வற்றியிருக்கும், அல்லது குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டார் காயில் எரிந்திருக்கும். தொட்டி நிரம்பியும் கடைசித் தெருவுக்கு வரவில்லை என்றால் கோளாறு விநியோகத்தில் இருக்கிறது: எல்லா வால்வுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறார்கள், அல்லது வழியில் சில வீட்டார் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். முதல் நோய்க்குப் பணம் வேண்டும். 15-வது நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென்றே ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், அது எதற்குச் செலவானது என்று சபையிலேயே கேட்கலாம். இரண்டாவது நோய்க்குப் பெரிய செலவில்லை. தெருவாரியாக நேரம் பிரித்து வால்வைத் திறக்க வேண்டும், திருட்டு மோட்டாரைப் பறிமுதல் செய்ய வேண்டும். உறவுக்காரர் வீட்டு மோட்டாரைத் தொடத் தயங்குவதால்தான் பல ஊர்களில் இந்த எளிய வேலை நடப்பதில்லை.

ரேஷன் புகார் பெரும்பாலும் பருப்பிலும் பாமாயிலிலும் தொடங்கும். அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பதால் வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டு ஊரே காத்திருக்கிறது. மாதத் தொடக்கத்தில் முழு ஒதுக்கீடும் கடைக்கு வந்து சேராதபோது, முந்தியவருக்குக் கிடைக்கும், பிந்தியவருக்கு “ஸ்டாக் இல்லை” என்ற பதில் கிடைக்கும். இது விற்பனையாளரின் தவறாக இருக்க வேண்டியதில்லை. 2024 மே மாதத்துப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் வாங்கிக்கொள்ள அரசே அனுமதிக்க நேர்ந்தது.

வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் கைபேசியில் குறுஞ்செய்தி வந்தால் அது வேறு கதை. பொருள், தேதி, அளவு மூன்றும் அதில் இருப்பதால் அதுவே சான்று; அழித்துவிடக் கூடாது. எடைக் குறைவை நிரூபிப்பது கடினம். பையை வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்துச் சொன்னால் கடைக்காரர் மறுப்பார். கடை வாசலிலேயே மறு எடை கேட்க வேண்டும். கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவாக இருக்கிறது என்று விற்பனையாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் தரப்பையும் கேட்காமல் எழுதுவது பாதிச் செய்தி.

விற்பனையாளரை மாற்றும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை. தீர்மானம் போட்டு வட்ட வழங்கல் அலுவலருக்கு அனுப்பலாம். தனியாக 1967 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

எல்லாம் கடைசியில் தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. “குடிநீர் சீராக வழங்கத் தீர்மானிக்கப்பட்டது” என்ற வரியால் யாருக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை. எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் தண்ணீர், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதியிருந்தால் அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்க முடியும். ஊராட்சிச் செயலர் எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கினால், அதுவே அன்றைய தலைப்புச் செய்தி. தீர்மான நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்துப் பெறலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் தனி.