கஞ்சி போன பிறகுதான் வேட்டி

தங்கை கல்யாணத்துக்கு எடுத்த அரக்குக் கரை வேட்டி. கடையில் விரித்தபோது அட்டை மாதிரி விறைப்பாக நின்றது. ஒரே சலவைதான். துணி சல்லடையாகிவிட்டது, கரை அலையலையாகச் சுருண்டது, கரையோரத்து வெள்ளையில் இளஞ்சிவப்புத் திட்டு. அந்தக் காலத்தில் தறி ஓட்டிய மாமா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீ வாங்கினது வேட்டி இல்ல மாப்ள, கஞ்சி" என்றார்.

மூன்று குறைக்கும் காரணம் வேறு வேறு. மூன்றையும் கடையிலேயே ஓரளவு கண்டுபிடித்திருக்கலாம்.

முதலில் நூல். "நூறாம் நம்பர் சார், எண்பதாம் நம்பர் சார்" என்று கடைக்காரர் சொல்வது நூலின் மென்மையை. ஒரு பவுண்டு நூலில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை சிட்டம் இருக்கிறது என்பதே நம்பர். ஒரு சிட்டம் 840 கெஜம். 40-ஆம் நம்பரில் ஒரு பவுண்டு நூலை நீட்டினால் 31 கிலோமீட்டர் போகும். 80-ஆம் நம்பரில் 61 கிலோமீட்டர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

மெல்லிய நூல் உசத்திதான், ஆனால் நெருக்கமாக நெய்திருந்தால் மட்டும். 40-ஆம் நம்பரில் பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு 60 இழை வைத்து நெய்த இரண்டு மீட்டர் நாலு முழ வேட்டி ஏறக்குறைய 185 கிராம் இருக்கும். 80-ஆம் நம்பரில் அதே 60 இழை போட்டால் எடை பாதியாகிவிடும். உள்ளே கட்டியிருப்பது வெளியே தெரியும். பழைய மறைப்பு வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 85 இழை வேண்டும். அப்போதும் எடை 130 கிராம்தான். மென்மையும் மறைப்பும் சேர்ந்து வருவது அங்கேதான். விலை ஏறுவதும் அதனால்தான்.

இழை குறைந்த துணியின் இடைவெளியைக் கஞ்சி அடைத்துவிடும். ஒற்றை மடிப்பாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் கையை வையுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் நெசவு தளர்வு. துணியோடு துணியைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் விறைப்பு கஞ்சியுடையது. இன்னொன்று: நூறாம் நம்பர் என்றால் ஒற்றை இழையா, இரட்டை முறுக்கா என்று கேளுங்கள். இரட்டை முறுக்கு உறுதியானது, ஆனால் பருமனில் 50-ஆம் நம்பருக்குச் சமம்.

அடுத்து கரை. நல்ல வேட்டியில் கரை தைத்ததல்ல, பாவிலேயே நெய்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் நிறம் நிறைந்திருக்கும். அச்சடித்த கரை பின்னால் வெளிறித் தெரியும். என் வேட்டியில் கரை நெய்ததுதான், ஆனால் கரை நூல் பாலியெஸ்டர். தண்ணீர் பட்டதும் பருத்தி சுருங்கியது, பாலியெஸ்டர் சுருங்கவில்லை. மிஞ்சிய நீளம் அலையாக மடிந்தது. இஸ்திரி போட்டாலும் அடுத்த சலவையில் திரும்ப வரும். தலைப்பில் பிரிந்து நிற்கும் கரை இழை ஒன்றைக் கொளுத்திப் பார்த்தால் தெரியும்: பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

தையல் வருவது தலைப்பை மடித்து அடிக்கும் இடத்திலும், ஒட்டிக்கோ வேட்டியின் பட்டையிலும், தனிக் கரை வைத்துத் தைத்த வேட்டிகளிலும். தையலை இரண்டு கையாலும் லேசாக இழுங்கள். துணி நீளும்போது நூல் விண்ணென்று தடுத்தால், இழுத்து அடித்த தையல். சலவைக்கு முன்பே சுருக்கம் விழ ஆரம்பித்திருக்கும்.

கடைசியாகச் சாயம். வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்துக் கரையில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அந்த வேட்டி வெள்ளையைக் கறையாக்கும். லேசான ஒட்டலுக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. சாயப் பட்டறையில் நூலைச் சரியாக அலசாவிட்டால், பிடிக்காத சாயம் மேலாகத் தங்கியிருக்கும். இரண்டு மூன்று அலசலில் அது போய்விடும். அதற்குப் பிறகும் தண்ணீர் நிறம் மாறினால் சாயமே மட்டம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். பட்டறைத் தொட்டியில் உப்பு சாயத்தை நூலுக்குள் தள்ள உதவும். வீட்டு வாளியில் அந்த வேலை நடக்காது. ஊறவைப்பதே தவறு. பிரிந்த சாயம் பக்கத்து வெள்ளையில் ஏற நேரம் கொடுப்பதாகிவிடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். வெள்ளை பளிச்சிடும், பல சாயங்கள் கூடவே வெளிறும்.

விசேஷத்துக்கு எடுக்கிறீர்களென்றால் பத்து நாள் முன்பே எடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசி, உடனே பிழிந்து, கரை வெள்ளையில் படாமல் நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். கஞ்சி போன பிறகும் பிடித்திருந்தால், அதுதான் மேடைக்குக் கட்டிப்போக வேண்டிய வேட்டி.