வீட்டில் உப்பு–சர்க்கரைக் கரைசல் தயாரித்தல்: சரியான அளவும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

வயிற்றுப்போக்கினால் உயிருக்கு ஆபத்து நேர்வதற்குப் பெரும்பாலும் காரணமாவது உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்புகளுமே. அவற்றை வாய்வழியாகவே ஈடுசெய்ய உதவுவது ஓ.ஆர்.எஸ். என்னும் நீரேற்றுக் கரைசல். இதன் பொட்டலங்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். இரவு நேரத்தில், அல்லது பொட்டலம் உடனே கிடைக்காத சூழ்நிலையில், சமையலறையில் உள்ள உப்பையும் சர்க்கரையையும் கொண்டு மாற்றுக் கரைசலைத் தயாரிக்கலாம். ஆனால் அளவு சரியாக இருந்தால் மட்டுமே அது மருந்தாகும். அளவு தவறினால் அதுவே தீங்காக முடியும்.

சரியான அளவு

- சுத்தமான குடிநீர்: 1 லிட்டர்
- சர்க்கரை (சீனி): தலை தட்டிய 6 தேக்கரண்டி
- தூள் உப்பு: தலை தட்டிய அரை தேக்கரண்டி

இங்கே தேக்கரண்டி என்பது 5 மில்லி கொள்ளும் கரண்டியைக் குறிக்கும். வீட்டில் உள்ள கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே காய்ச்சல் மருந்துப் புட்டியுடன் வரும் அளவு மூடியைக் கழுவி, நன்றாக உலர்த்திப் பயன்படுத்துவது நல்லது. அதில் 2.5 மில்லி, 5 மில்லி என்ற கோடுகள் இருக்கும். உப்பை 2.5 மில்லி கோடு வரை ஒரு முறையும், சர்க்கரையை 5 மில்லி கோடு வரை ஆறு முறையும் எடுத்தால் அளவு சரியாக அமையும். தண்ணீரை அளக்க 1 லிட்டர் குடிநீர்ப் புட்டியைப் பயன்படுத்தலாம்.

தயாரிக்கும் முறை

முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட வேண்டும். ஆறிய பின்னரே 1 லிட்டர் அளந்து சுத்தமான பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால், முன்பே அளந்து கொதிக்க வைத்தால் தண்ணீர் குறைந்துவிடும். பின்னர் உப்பையும் சர்க்கரையையும் இட்டு, அடியில் துகள் எதுவும் தங்காதவாறு கலக்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் ஒரு சொட்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. அவ்வாறு கரித்தால் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். தயாரித்த கரைசலை மூடி வைத்து 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

சர்க்கரை எதற்காகச் சேர்க்கப்படுகிறது?

சர்க்கரை சுவைக்காகவோ தெம்புக்காகவோ சேர்க்கப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது உப்பை உடலுக்குள் அழைத்துச் செல்லும் துணையாகும். சிறுகுடலின் சுவரில் உள்ள வாயில்கள் குளுக்கோஸையும் சோடியத்தையும் இணைத்தே உள்ளே எடுத்துக்கொள்கின்றன; அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் உள்ளே செல்கிறது. வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் இந்த வாயில்கள் பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்கும். நாம் இடும் சீனி குடலில் பிரிந்து குளுக்கோஸைத் தருகிறது.

இதனால் இரண்டு செய்திகள் விளங்கும். முதலாவதாக, இனிப்பு மட்டும் தரும் செயற்கை இனிப்பூட்டிகளைச் சர்க்கரைக்கு மாற்றாக இடக் கூடாது. அவற்றால் உப்பை உள்ளே கொண்டு செல்ல இயலாது. இரண்டாவதாக, சர்க்கரையை அதிகரிப்பதால் பயன் கூடாது. உள்ளே செல்ல முடியாமல் குடலில் தங்கும் சர்க்கரை, உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை அதிகப்படுத்தும். குளிர்பானங்களும் இனிப்பூட்டிய பழச்சாறுகளும் வயிற்றுப்போக்கின்போது ஏற்றவையல்ல என்று கூறுவதற்கு இதுவே காரணம்.

மிகவும் ஆபத்தான தவறு: தண்ணீரின் அளவை மறத்தல்

ஒரு வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இரவில் வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். "அரை கரண்டி உப்பு, ஆறு கரண்டி சர்க்கரை" என்பது பாட்டியின் நினைவில் இருக்கிறது. குழந்தை குடிக்கப்போவது ஒரு டம்ளர்தானே என்று எண்ணி, அவ்வளவையும் 200 மில்லி டம்ளரிலேயே கலந்துவிடுகிறார். கரண்டிக் கணக்கு சரியாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது.

தலை தட்டிய அரை தேக்கரண்டித் தூள் உப்பின் எடை ஏறக்குறைய 3 கிராம். சரியான கரைசலில் இந்த 3 கிராம் 1 லிட்டரில் பரவியிருக்கும். ஒரு டம்ளரில் 0.6 கிராம் மட்டுமே இருக்கும். பாட்டி கலந்த டம்ளரிலோ முழு 3 கிராமும் இருக்கிறது. அதாவது லிட்டருக்கு 15 கிராம் என்ற செறிவு. மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றப்படும் சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு உள்ளது. அந்த அளவே ஏறக்குறைய நம் உடல் நீரின் உப்புச் செறிவுக்கு ஒத்தது. எனவே அந்த டம்ளரில் உள்ள கரைசல் குழந்தையின் இரத்தத்தைவிட அதிகமாகக் கரிக்கும்.

இத்தகைய கரைசல் நீரிழப்பைத் தீர்க்காது. குழந்தையின் தாகம் அதிகரிக்கும். தாகத்தால் அதே கரைசலை மீண்டும் குடிக்கும். இரத்தத்தில் சோடியம் உயரும்போது மூளையின் செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. குழந்தை எரிச்சலுடன் ஓயாது அழும், பின்னர் மயக்க நிலையை அடையும், வலிப்பும் ஏற்படலாம். இவை நோய் முற்றியதன் அறிகுறிகள் என்று கருதப்பட்டு, கரைசலே காரணம் என்பது கவனிக்கப்படாமல் போகக்கூடும்.

அந்த டம்ளரை யாரேனும் முதலில் சுவைத்திருந்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிப்பது தெரிந்திருக்கும். குழந்தை குடிப்பதற்கு முன் தவறு தெரிந்தால் கொட்டிவிட்டு மீண்டும் தயாரித்தால் போதும். குடித்த பின் தெரியவந்தால், வீட்டில் பிற வைத்தியம் எதையும் முயலாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர், குழந்தை எவ்வளவு குடித்தது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும். சிகிச்சையை முடிவு செய்ய அந்த விவரம் மிகவும் தேவைப்படும்.

குழந்தை குடிப்பது சிறிதளவே என்றாலும் 1 லிட்டர் முழுவதையும் தயாரித்து, மீதியைக் கொட்டிவிடுவதே பாதுகாப்பானது. ஒரு டம்ளருக்கு உரிய உப்பை வீட்டுக் கரண்டியால் சரியாக அளப்பது கடினம்.

பிற தவறுகள்

*கரண்டியைக் குவித்து எடுத்தல்:* குவித்து எடுத்த கரண்டியில் தலை தட்டிய கரண்டியைவிட மிக அதிகமான உப்பு இருக்கும். கத்தியின் முதுகால் அல்லது சுத்தமான அட்டையால் மேற்பகுதியை வழித்துவிட வேண்டும்.

*விரல்களால் அள்ளி இடுதல்:* "ஒரு சிட்டிகை" என்பது கைக்குக் கை மாறுபடும். அளவு மூடி இருக்கும்போது விரல்களை நம்பக் கூடாது.

*கல் உப்பை இடுதல்:* கற்களுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால் கரண்டியில் கொள்ளும் உப்பின் எடை மாறிவிடும். தூள் உப்பையே பயன்படுத்த வேண்டும்.

*கலந்த கரைசலைச் சூடாக்குதல்:* தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பின் செறிவு கூடும். கரைசலை அறை வெப்பத்திலேயே கொடுக்க வேண்டும்.

*பொட்டலத்தைப் பிரித்துப் பயன்படுத்துதல்:* ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் பல வகைத் துகள்கள் கலந்திருப்பதால் பாதியைக் கொட்டினால் அளவும் பாதியாக அமையும் என்பதில்லை. பொட்டலத்தின் மேல் 1 லிட்டரா, 200 மில்லியா என்று பார்த்து, முழுவதையும் அந்த அளவு தண்ணீரில் ஒரே முறையில் கரைக்க வேண்டும். கூடுதலாகச் சர்க்கரையோ உப்போ சேர்க்கக் கூடாது. பாலிலும் பழச்சாற்றிலும் கரைக்கக் கூடாது.

எவ்வாறு கொடுப்பது?

ஒவ்வொரு முறை நீராக மலம் கழித்த பிறகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி வரையும், இரண்டு முதல் பத்து வயது வரையிலான குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி வரையும் கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வயதினர் விரும்பும் அளவு பருகலாம். சிறு குழந்தைக்குக் கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடங்கள் பொறுத்திருந்து, முன்னைவிட மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது.

இக்கரைசல் வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தாது. நிறுத்துவதற்காகக் கொடுக்கப்படுவதும் அன்று. மலம் நீராகப் போய்க்கொண்டிருந்தாலும், குழந்தை சுறுசுறுப்பாக இருந்து, சிறுநீர் வழக்கம்போல் கழிந்தால் கரைசல் தன் பணியைச் செய்கிறது என்று அறியலாம்.

வீட்டுக் கரைசலின் வரம்பு

பொட்டலத்தில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் உள்ளன. வீட்டுக் கரைசலில் அவை இல்லை. ஆகவே பொட்டலம் கிடைக்கும் வரை மட்டுமே இதனைப் பயன்படுத்தி, கிடைத்தவுடன் பொட்டலக் கரைசலுக்கு மாற வேண்டும். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் தேவை என்பதால் சுகாதாரப் பணியாளரை அணுகுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகள், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகள், சிறுநீரக நோய் அல்லது இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு வீட்டுக் கரைசலை நம்பிக் காத்திராமல் தொடக்கத்திலேயே மருத்துவரை அணுக வேண்டும். நீரிழிவு நோயாளிகளும் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- குடிக்க இயலாமை, அல்லது குடித்த அனைத்தையும் வாந்தி எடுத்தல்
- சோர்ந்து கிடத்தல், எழுப்பினாலும் விழிக்காமை, வலிப்பு
- கண்கள் குழி விழுதல். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல்
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை
- மலத்தில் இரத்தம்

இவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டாலும் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். குழந்தை விழிப்புடன் இருந்து விழுங்க முடிந்தால், செல்லும் வழியிலும் கரைசலைக் கரண்டியால் புகட்டிக்கொண்டே செல்லவும். மயக்க நிலையில் உள்ளவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது.